அறுபதுக்குப் பின் விறைப்புக் குறைதல்: எது வயது, எது நோய்?

குளக்கட்டு | 2024 ஜனவரி 16, இரவு 9.40

எனக்கு 66 வயது. நீர்ப்பாசனத் திணைக்களத்தில், பெரும்பாலும் கந்தளாயில், வேலை செய்து ஓய்வு பெற்று, இப்போது திருகோணமலை நகரில் மனைவியுடன் வாழ்கிறேன். அறுபதாம் கல்யாணத்தோடு ஆணுக்கு இந்த விடயம் முடிந்துவிடும், அதன் பிறகு அதைப் பற்றி யோசிப்பதே வயதுக்கு அழகல்ல என்றுதான் எங்கள் காலத்து ஆண்கள் சொல்வார்கள். நானும் அதை நம்பியிருந்தேன். இப்போது அதில் எனக்குச் சந்தேகம் வந்திருப்பதால் கேட்கிறேன்.

ஏறக்குறைய 58 வயதில் மாற்றம் தொடங்கியது. நினைத்தவுடன் வந்த விறைப்பு, மனைவியின் கை பட்டால்தான் வரும் என்றாயிற்று. வந்தாலும் பழைய உறுதி இருக்காது. ஒருமுறை உறவு முடிந்தால் அடுத்த விறைப்புக்கு இரண்டு மூன்று நாள்கள் செல்லும். விந்தின் அளவும் குறைந்தது. இவையெல்லாம் எட்டு ஆண்டுகளில் மெல்ல மெல்ல வந்தவை என்பதால் நாங்கள் இருவரும் பழகிக்கொண்டோம். ஆனால் சென்ற ஆண்டு சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு நிலைமை வேறாகிவிட்டது. விறைப்பு பாதியளவு வந்து தளர்ந்துவிடுகிறது, உறவு கொள்ளவே முடிவதில்லை. ஆசை மட்டும் குறையவில்லை. இதுவும் வயதுதானா?

திருக்கடலூரான் | ஜனவரி 17, காலை 6.15

இது ஹோர்மோன் குறைபாடு, ஐயா. நாற்பதுக்குப் பிறகு ஆணுக்கு டெஸ்டோஸ்டெரோன் ஆண்டுக்கு ஒரு சதவீதம் அளவில் குறைந்துகொண்டே போகும். இரத்தத்தைச் சோதித்து ஊசி போட்டுக்கொண்டால் சரியாகிவிடும். "விந்து விட்டான் நொந்து கெட்டான்" என்று முன்னோர் சொன்னதையும் மறக்க வேண்டாம். இந்த வயதில் விந்தைச் சேமிக்க வேண்டும். எனக்கு 62 வயது. நண்பர் ஒருவர் கொண்டுவந்து தந்த லேகியத்தை ஆறு மாதமாக எடுக்கிறேன். சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்தில் பலன் தெரிகிறது.

அப்போதிக்கரி | ஜனவரி 17, இரவு 8.05

குளக்கட்டு ஐயா, நீங்கள் எழுதியதில் இரண்டு வெவ்வேறு மாற்றங்கள் உள்ளன. முதலாவது எட்டு ஆண்டுகளாக வந்தது. விறைப்பு வரத் தாமதமாவது, கற்பனை மட்டும் போதாமல் நேரடித் தொடுகை தேவைப்படுவது, உறுதி சற்றுக் குறைவது, அடுத்த விறைப்புக்கு ஒரு நாளோ பல நாள்களோ செல்வது, விந்து குறைவது ஆகிய அனைத்தும் வயதினால் வருபவை. நாற்பது ஆண்டுகள் சலரோகக் கிளினிக்குகளில் உதவியாளனாகவும் பின்னர் பொறுப்பாகவும் இருந்தவன் என்ற முறையில், அவற்றுக்காக எவரையும் நான் மருந்து எடுக்கச் சொன்னதில்லை. மாதத்துக்கு எத்தனை முறை என்பதற்கும் சரியான எண் கிடையாது. இருவருக்கும் போதுமென்றால் அது போதும்.

இரண்டாவது மாற்றம் ஒன்பது மாதங்களுக்குள் வந்தது. அதை வயதின் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை. மசாசூசெட்ஸ் மாநிலத்தில் 1987 முதல் 1989 வரை, 40 வயது முதல் 70 வயது வரையான ஆண்களை வைத்து நடத்திய ஆய்வில் 52 சதவீதமானோருக்கு ஏதோ ஓர் அளவில் விறைப்புக் குறைபாடு இருந்தது. பலருக்கும் இருப்பதால் அதை இயல்பு என்று சொல்லிவிடுகிறார்கள். அதே ஆய்வில், எழுபது வயதினரிடையேகூட விறைப்பை முற்றாக இழந்தவர்கள் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில்தான் இருந்தார்கள். அறுபதோடு முடிந்துவிடும் என்பது உண்மையானால் அந்த எண் அப்படி இருந்திருக்க முடியாது.

பின்வருவனவற்றுக்குப் பதில் எழுதுங்கள். காலையில் விழிக்கும்போது விறைப்பு இருக்கிறதா? என்னென்ன குளிசைகள் எடுக்கிறீர்கள்? இரத்தத்தில் சீனியைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? புகைத்தவரா? ஏற்றத்தில் நடக்கும்போது நெஞ்சிலோ காலிலோ ஏதாவது செய்கிறதா?

குளக்கட்டு | ஜனவரி 18, காலை 5.50

காலையில் விறைப்பு இருந்து பல மாதங்களாகின்றன. பிரஷருக்கு ஆறு ஆண்டுகளாக அதெனோலோலும் ஹைட்ரோகுளோரோதயசைட்டும் எடுக்கிறேன். சீனியை நான்கு ஆண்டுகளுக்கு முன்பு பார்த்தபோது "கொஞ்சம் விளிம்பில் இருக்கிறது" என்றார்கள், அதன்பிறகு நான் பார்க்கவில்லை. 52 வயது வரை சிகரெட் புகைத்தேன்.

நெஞ்சில் ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலுக்கு நடந்து ஏறுவது வழக்கம். சில மாதங்களாகப் பாதி ஏற்றத்தில் இடது கெண்டைக்கால் இறுகிப் பிடிக்கிறது. இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடும், மீண்டும் நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் பிடிக்கும். செருப்பின் குறை என்று நினைத்துச் செருப்பை மாற்றினேன். இந்தக் கேள்விக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று எனக்கு விளங்கவில்லை.

திருக்கடலூரான் | ஜனவரி 18, காலை 7.30

காலையில் விறைப்பு இல்லை என்றால் நோய் உறுதி. அதற்குமேல் சோதனை தேவையில்லை.

அப்போதிக்கரி | ஜனவரி 18, இரவு 9.20

திருக்கடலூரான் தம்பி சொல்வதில் பாதி சரி. காலை விறைப்பு, இரவு முழுவதும் கனவுத் தூக்கத்தின்போது வந்து போகும் விறைப்புகளில் கடைசியானது. கனவின் நடுவே விழித்தால் அது நமக்குத் தெரியும், இல்லையேல் தெரியாது. வயது ஏற அது குறையுமே தவிர எழுபதிலும் எண்பதிலும் அடியோடு நின்றுவிடுவதில்லை. சிறுநீருக்காக இரவில் மூன்று நான்கு தடவை எழும்புபவருக்குத் தூக்கம் குலைவதால் அது கண்ணில் படாமலே போகலாம். ஆகவே சில வாரங்கள் காணவில்லை என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. காலையில் நன்றாக வந்து மனைவியிடம் மட்டும் வரவில்லை என்றால், இரத்தக் குழாய்களும் நரம்புகளும் வேலை செய்கின்றன, தடை மனத்திலோ உறவிலோ இருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அந்தச் சோதனை அதற்குத்தான் அதிகம் உதவும்.

குளக்கட்டு ஐயா, நீங்கள் நீர்ப்பாசனத்தில் இருந்தவர் என்பதால் உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். ஆண்குறியின் உள்ளே பஞ்சு போன்ற திசு இருக்கிறது. விறைப்பு என்பது அந்தக் குளம் நிரம்புவது. வரத்து வாய்க்கால் அகன்று இரத்தம் பாய வேண்டும். பஞ்சு நிரம்பிப் பருக்கும்போது, இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் நாளங்கள் உறைக்கு எதிராக நசுங்கி, துருசு தானாக மூடிக்கொள்ள வேண்டும். வயதோடு அந்தப் பஞ்சில் தசை குறைந்து நார் கூடுவதால் துருசு முழுதாக மூடாது. அதனால்தான் உறுதி சற்றுக் குறைகிறது. வரத்து வாய்க்காலே தூர்ந்தால் குளம் பாதிகூட நிரம்பாது, நிரம்பாத குளத்தில் துருசும் மூடாது. பாதி வந்து தளர்கிறது என்று நீங்கள் எழுதியது அந்த நிலைதான்.

ஆண்குறியின் தமனி 1 முதல் 2 மில்லிமீற்றர் அகலம் கொண்டது; இதயத்தின் தமனிகள் 3 முதல் 4 மில்லிமீற்றர் இருக்கும். கொழுப்புப் படிவதும் உட்சுவர் கெடுவதும் உடம்பெங்கும் ஒன்றாக நடந்தாலும், சிறிய குழாயில்தான் குறை முதலில் தெரியும். விறைப்புக் கெட்ட சில ஆண்டுகளுக்குப் பிறகு நெஞ்சுவலி வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் கெண்டைக்கால் அதே தூரத்தில் பிடித்து, நின்றவுடன் விடுகிறது என்றால் அது செருப்பின் குறை அல்ல. காலுக்கு இரத்தம் போதவில்லை என்று நினைக்கிறேன். இந்த வாரமே வைத்தியரிடம் போய்ப் பாத நாடியைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிற்றுச் சீனி, கொலஸ்ட்ரோல், ஈசிஜி மூன்றும் வேண்டும். எதற்காக வந்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சொன்னால்தான் அவர் அந்த வழியில் தேடுவார்.

ஹோர்மோன் பற்றி: தம்பி சொன்ன ஆண்டுக்கு ஒரு சதவீதம் சரிதான். ஆனால் ஹோர்மோன் குறைந்தால் முதலில் கெடுவது பெரும்பாலும் ஆசை. இவருக்கு ஆசை இருக்கிறது. ஐரோப்பாவின் எட்டு நகரங்களில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், பாலியல் குறைகளும் குறைந்த டெஸ்டோஸ்டெரோனும் சேர்ந்திருந்த ஆண்கள் நூற்றுக்கு ஏறத்தாழ இருவர்தான். ஆசை போய், சோர்வும் சேர்ந்தவர்கள் அதைச் சோதிக்கலாம். காலை பத்து மணிக்கு முன் இரத்தம் எடுக்க வேண்டும், குறைவாக வந்தால் இன்னொரு நாள் மறுபடியும் பார்க்க வேண்டும். மாலையில் எடுத்த ஒரே முடிவை வைத்து ஊசி போடுவது தவறு.

விந்தைச் சேமிப்பது பற்றியும் ஒரு சொல். விந்தின் பெரும்பகுதி விந்துப் பையிலும் புரொஸ்டேட் சுரப்பியிலும் ஊறும் நீர். அந்தச் சுரப்பிகள் முதுமையில் குறைவாகச் சுரக்கின்றன. வெளியேறுவதால் இரத்தமோ பலமோ போவதில்லை, அடக்கி வைப்பதால் சேர்வதும் இல்லை.

அப்போதிக்கரி | ஜனவரி 18, இரவு 9.45

முக்கியமானதை விட்டுவிட்டேன். திருக்கடலூரான் தம்பி, எந்த லேகியமும் ஒரு மணித்தியாலத்தில் விறைப்பைத் தராது. அப்படித் தந்தால் அதில் சில்டெனாபில் என்ற விறைப்பு மருந்து கலந்திருக்கலாம் என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இப்படிக் கலந்த "மூலிகை" மருந்துகள் பல நாடுகளில் பிடிபட்டிருக்கின்றன. நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் குளிசையோ ஐசோசோர்பைட்டோ உங்களிடம் இருக்கிறதா? அவற்றில் ஒன்றும் சில்டெனாபிலும் ஒன்றுசேர்ந்தால் இரத்த அழுத்தம் விழுந்து உயிர் போகலாம். பதில் எழுதும் வரை லேகியத்தைத் தொட வேண்டாம்.

மூதூர் நானா | ஜனவரி 20, பிற்பகல் 2.10

எனக்கு 69 வயது. இங்கே சிறுநீர்ப் பிரச்சினை பேசுகிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அதுதான். புரொஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் எடுக்கத் தொடங்கிய பிறகு சிறுநீர் நன்றாகப் போகிறது, ஆனால் உறவின் முடிவில் விந்தே வருவதில்லை. இன்பம் வருகிறது, விறைப்பும் வருகிறது. உள்ளே எங்கோ அடைத்துக்கொண்டு புற்றாகிவிடுமோ என்று பயந்து மருந்தை நிறுத்திவிட்டேன். இப்போது இரவில் தூக்கமே இல்லை.

அப்போதிக்கரி | ஜனவரி 20, இரவு 8.30

நானா, அது அந்த மருந்தின் அறியப்பட்ட விளைவு. அடைப்பும் இல்லை, புற்றும் ஆகாது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும். அதோடு வாழ முடியாவிட்டால் வேறு மருந்து இருக்கிறதா என்று கிளினிக்கில் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். விறைப்புக் குளிசை எடுக்க விரும்பினாலும் டாம்சுலோசின் எடுப்பதை முதலில் சொல்லிவிடுங்கள், இரண்டும் சேர்ந்தால் எழும்பும்போது தலை சுற்றி விழ நேரலாம்.

ஓய்வாசிரியை | ஜனவரி 22, காலை 10.00

இங்கே ஆண்களே எழுதுவதால் ஒரு மனைவியாகவும் எழுத வேண்டும் என்று தோன்றியது. என் கணவருக்கு 64 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் திடீரென்று வேறு கட்டிலுக்குப் போய்விட்டார். காரணம் கேட்டால் குறட்டை என்றார். என்மீது விருப்பம் போய்விட்டது என்று நான் ஒன்றரை ஆண்டு நினைத்திருந்தேன். உண்மையில், இரண்டு தடவை விறைப்பு வராமல் போனதும், மூன்றாம் தடவையும் அப்படியாகிவிடும் என்ற பயத்தில் அவர் விலகிவிட்டார். விலகியதால் ஆசையும் குறைந்துவிட்டது என்று அவரே பின்னர் சொன்னார்.

என் பக்கத்திலும் ஒரு குறை இருந்தது. மாதவிடாய் நின்ற பிறகு வறட்சியினால் எனக்கு நோவு. நான் முகம் சுளித்ததை அவர் வெறுப்பாக எடுத்துக்கொண்டார். பெண் வைத்தியர் ஒருவர் தந்த பூச்சு மருந்து அதைப் பெரும்பாலும் தீர்த்தது. அவருக்குத் தொடுகை கூடுதலாகத் தேவைப்படுவதும் எனக்கு நேரம் தேவைப்படுவதும் இப்போது ஒத்துப்போகின்றன. குளக்கட்டு ஐயா, உங்கள் மனைவிக்கு இந்த ஒன்பது மாதக் கதை தெரியுமா?

குளக்கட்டு | ஜனவரி 22, இரவு 9.15

முடியவில்லை என்பது தெரியும். ஏன் என்று நான் பேசியதில்லை. இன்று பேசினேன். நான் கிளினிக்குக்குப் போகத் தயங்குவதை அவர் ஏற்கனவே கவனித்திருக்கிறார். நாளை தானும் வருவதாகச் சொல்கிறார்.

குளக்கட்டு | பெப்ரவரி 5, இரவு 8.00

முடிவுகள் வந்துவிட்டன. சீனி 164. கொலஸ்ட்ரோல் கூட. ஈசிஜியில் மாற்றமில்லை. வைத்தியர் இளையவர்; நான் சொல்லத் தொடங்கித் தடுமாறியபோது அவர் தலையை உயர்த்தாமல் எழுதிக்கொண்டே "எத்தனை மாதமாக?" என்று கேட்டது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. இடது பாதத்தின் நாடி அவருடைய விரலுக்குத் தட்டுப்படவே இல்லை. கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தம் அளந்தார். கையில் 140, இடது கணுக்காலில் 98. கணுக்காலில் கையளவாவது இருக்க வேண்டுமாம். அப்போதிக்கரி ஐயா சொன்னது சரி, செருப்பில் குறை இல்லை.

மெட்போமினும் அட்டோவாஸ்டட்டினும் அஸ்பிரினும் தொடங்கியிருக்கிறார்கள். விறைப்புக் குளிசையைக் கேட்டேன். உடற்பயிற்சி ஈசிஜி பார்த்த பிறகுதான் என்றார்கள்.

குளக்கட்டு | பெப்ரவரி 6, காலை 6.20

நேற்று எழுதியதில் ஒரு விவரத்தை விட்டுவிட்டேன். 164 என்பது வெறும் வயிற்றுச் சீனி. 126க்கு மேலே போனால் சலரோகம். மூன்று மாதச் சராசரி காட்டும் சோதனை 8.1, அதில் 6.5 எல்லை. "விளிம்பு" என்று சொன்னதைக் கேட்டு நான்கு ஆண்டுகள் சும்மா இருந்தது என் பிழை.

உவர்மலை | பெப்ரவரி 10, இரவு 11.30

எனக்கு 71 வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு மனைவி இறந்தார். அன்றிலிருந்து ஆசையே இல்லை. காலையில் எப்போதாவது விறைப்பு வருகிறது, ஆனால் மனம் எதையும் தேடுவதில்லை. பிள்ளைகள் என்னைச் சோர்ந்திருக்கிறேன் என்கிறார்கள். இது நோயா, இழப்பா, வயதா என்று எனக்குத் தெரியவில்லை. மாற வேண்டும் என்ற விருப்பமும் இல்லை.

அப்போதிக்கரி | பெப்ரவரி 11, இரவு 8.40

அண்ணை, விறைப்பு வருகிறது என்பதால் குழாய்கள் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. ஆசை இல்லாதது உங்களை வருத்தவில்லை என்றால் அதற்கு மருந்து தேட வேண்டியதில்லை. ஆனால் சாப்பாடு, தூக்கம், கோயில், பேச்சு எல்லாவற்றிலுமே மனம் விட்டுப்போயிருந்தால் அதை ஆசையின் கணக்கில் சேர்க்க முடியாது, அதற்கென்று ஒருவரைப் பார்க்க வேண்டும். அந்த இரண்டில் எது என்பதை நான் எழுத்தில் பார்த்துச் சொல்ல முடியாது.

திருக்கடலூரான் | பெப்ரவரி 12, இரவு 7.10

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு எனக்கு இதயத்தில் அடைப்பு வந்தது. நாக்கின் கீழ் வைக்கும் குளிசை எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கிறது. ஐயாவின் கேள்வியை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. நவம்பரில் லேகியம் சாப்பிட்ட இரவில் நெஞ்சு இறுகியது. குளிசையைக் கையில் எடுத்து, அதற்குள் நோவு விட்டதால் வைக்காமல் விட்டேன். போத்தலை இதய வைத்தியரிடம் கொண்டுபோனேன். உள்ளே என்ன இருக்கிறது என்று இங்கே யாராலும் சோதித்துச் சொல்ல முடியவில்லை. நிறுத்திவிட்டேன். நிறுத்திய பிறகு விறைப்பும் இல்லை.

அப்போதிக்கரி | பெப்ரவரி 12, இரவு 9.00

தம்பி, எழுதியதற்கு நன்றி. இனி எந்த வைத்தியசாலைக்கு நெஞ்சுவலியோடு போனாலும், கடைசியாக என்ன எடுத்தீர்கள், எப்போது எடுத்தீர்கள் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சில்டெனாபில் எடுத்து 24 மணித்தியாலத்துக்குள், டடலாபில் என்றால் 48 மணித்தியாலத்துக்குள், அந்த நாக்குக் குளிசையைத் தரக் கூடாது. வெட்கத்தால் மறைத்தால் தருபவருக்கு அது தெரியாது. குளிசை எடுக்க முடியாதவர்களுக்கு வெற்றிடப் பம்பு என்ற கருவி உண்டு, உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்.

குளக்கட்டு | மார்ச் 9, இரவு 10.00

உடற்பயிற்சி ஈசிஜியில் ஏழாவது நிமிடத்தில் கால் பிடித்ததால் நிறுத்தினேன். அதுவரை இதயத்தில் மாற்றம் காணவில்லை. மூச்சு முட்டாமல் இரண்டு மாடிப் படிகளை ஏறக்கூடியவருக்கு உறவு கொள்வதால் இதயத்துக்குப் பாரமில்லை என்று சொல்லி, சில்டெனாபில் 25 மில்லிகிராம் தந்தார்கள்.

நேற்று இரவு எட்டு மணிக்கு இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் கணவாய்க் கறியும் வயிறு நிறையச் சாப்பிட்டேன். ஒன்பது மணிக்குக் குளிசையைப் போட்டுவிட்டுப் படுத்துக் காத்திருந்தேன். பத்தரை வரை ஒன்றும் நடக்கவில்லை. இந்த மருந்து எனக்குப் பலிக்காது போலிருக்கிறது.

அப்போதிக்கரி | மார்ச் 10, காலை 7.00

காத்திருந்ததுதான் பிழை. அந்தக் குளிசை விறைப்பைத் தானாகக் கொண்டுவராது. தொடுகையால் வாய்க்கால் திறந்தால், அதை விரைவில் மூடவிடாமல் வைத்திருப்பது மட்டுமே அதன் வேலை. கொழுப்புள்ள சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் வேலை தொடங்க ஏறக்குறைய இன்னொரு மணித்தியாலம் பிந்தும். சாப்பாட்டுக்கு முன்போ, இலேசாகச் சாப்பிட்டோ எடுத்து, ஒரு மணித்தியாலம் கழித்து மனைவியோடு இருங்கள். ஆறு ஏழு தடவை முயன்று பார்க்காமல் பலிக்காது என்று முடிவு செய்யக் கூடாது. அளவைக் கூட்டுவது வைத்தியரின் வேலை. நான்கு மணித்தியாலத்துக்கு மேல் விறைப்பு இறங்காமல் நின்றால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

குளக்கட்டு | ஜூன் 2, இரவு 8.30

மூன்று மாதக் கணக்கு. ஏப்ரலில் 50 மில்லிகிராம் ஆக்கினார்கள். அதிலிருந்து ஏழு தடவை முயன்றதில் ஐந்து தடவை உறவு கொள்ள முடிந்தது. முகம் சூடாகிறது, மூக்கு அடைக்கிறது, ஒருமுறை தலையிடித்தது. ஐம்பது வயதில் இருந்த உறுதி இல்லை, அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை. மூன்று மாதச் சீனி 6.9க்கு இறங்கியது. வலி வரும் வரை நடந்து, நின்று, மீண்டும் நடக்கும்படி சொன்னதை நாள்தோறும் அரை மணித்தியாலத்துக்கு மேல் செய்கிறேன். கோயில் ஏற்றத்தில் இப்போது மான்கள் நிற்கும் இடத்தைத் தாண்டித்தான் கால் பிடிக்கிறது.

மே மாதத்தில் இரண்டு காலைகளில், குளிசை எடுக்காத நாள்களில், விறைப்போடு விழித்தேன். மார்ச் மாதத்தில் அதெனோலோலை நிறுத்தி லோசார்டன் தந்திருந்தார்கள். ஆகவே குற்றம் அந்தக் குளிசையில்தான் இருந்திருக்கிறது என்று மனைவி சொல்கிறார்.

அப்போதிக்கரி | ஜூன் 3, இரவு 9.10

அதெனோலோல் சிலருக்கு விறைப்பைக் குறைக்கிறது, தயசைட்டும் அப்படித்தான். ஆனால் நீங்கள் அவற்றை ஆறு ஆண்டுகள் எடுத்தீர்கள், குறை வந்தது ஒன்பது மாதங்களுக்குள். சீனி இறங்கியதும் நடையும் மருந்து மாற்றமும் ஒரே காலத்தில் நடந்ததால் எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது. இரவில் இப்போது எத்தனை தடவை எழும்புகிறீர்கள்?

குளக்கட்டு | ஜூன் 3, இரவு 9.35

ஒரு தடவை. சீனி கூடியிருந்தபோது மூன்று தடவை. அப்படியானால் விறைப்பு முன்பும் வந்திருந்து, தூக்கம் குலைந்ததால் எனக்குத் தெரியாமலும் இருந்திருக்கலாம், அல்லவா? அடுத்த கிளினிக் ஜூலையில். தயசைட்டை இன்னும் எடுக்கிறேன். அதைப் பற்றிக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.